திர்ஹாம் விகிதம் ஏறினால் வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு கூடுகிறது? கணக்குப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2022 அக்டோபரில் ஒரு டாலர் 83 ரூபாயைத் தொட்டது. அன்று இரவு ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, ரூபாய் விழுந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்களே, இது நமக்கு நல்லதா, கெட்டதா?" அப்போது நான் ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் அறையில் ஆறு பேர். ஆறு பேரின் வீட்டிலும் அன்று இதே கேள்விதான். நல்லதுதான் என்று ஐந்து பேர் சொன்னோம். ஆறாவது ஆள் மட்டும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். அவர் கமுதிப் பக்கத்துக் கொத்தனார். அவர் போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

அவருடைய நிலவரம் இது. மாதச் சம்பளம் 2,000 திர்ஹாம். படுக்கை வாடகை, சாப்பாடு, தொலைபேசி எல்லாம் போக 1,200 திர்ஹாம் ஊருக்கு அனுப்புவார். வெளிநாடு வருவதற்கு வாங்கிய கடன் 1,80,000 ரூபாய், இரண்டு வட்டிக்கு. அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா.

முதல் படி: உங்கள் சம்பள நாணயம் எதனுடன் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்

திர்ஹாம் தன்னிச்சையாக ஏறி இறங்கும் நாணயம் அல்ல. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று ஐக்கிய அரபு அமீரகம் நிலையாக வைத்திருக்கிறது. சவூதி ரியால் டாலருக்கு 3.75, கத்தார் ரியால் 3.64. இவை நாள்தோறும் மாறுவதில்லை. ஆகவே திர்ஹாம் ஏறிவிட்டது என்று நாம் சொல்லும்போது உண்மையில் திர்ஹாமுக்கு எதுவும் ஆகவில்லை. டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதனால் ஒரு வசதி உண்டு. செய்தியில் வரும் டாலர் விலையை 3.6725 ஆல் வகுத்தால் திர்ஹாமின் சந்தை விகிதம் வந்துவிடும். 2022 ஜனவரியில் டாலர் சுமார் 74.50 ரூபாய். வகுத்தால் 20.29. அக்டோபரில் 83. வகுத்தால் 22.60. பணம் அனுப்பும் கவுண்டரில் எந்த விகிதம் எழுதியிருந்தாலும், சந்தையில் அது எவ்வளவு என்று கைப்பேசிக் கால்குலேட்டரிலேயே தெரிந்துகொள்ளலாம்.

மலேசியாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ரிங்கிட் டாலருடன் கட்டப்பட்ட நாணயம் அல்ல, அது தானாகவே ஏறி இறங்கும். 2014 ஆகஸ்டில் டாலர் சுமார் 61 ரூபாய், ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 19 ரூபாய். 2017 தொடக்கத்தில் டாலர் 68 ரூபாய்க்குப் போய்விட்டது. ரூபாய் விழுந்ததால் மலேசியாவிலிருந்து வரும் பணமும் கூடியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ரிங்கிட் ரூபாயைவிட வேகமாக விழுந்திருந்தது, ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 15 ரூபாய்தான். மாதம் 1,500 ரிங்கிட் அனுப்பியவரின் வீட்டுக்கு 28,500 ரூபாய்க்குப் பதில் 22,500 வந்தது. துபாய்க்காரரின் வீட்டில் பணம் கூடிய அதே காலத்தில், அடுத்த தெருவில் மலேசியாக்காரரின் வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. எனவே டாலர் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் சம்பள நாணயத்துக்கும் ரூபாய்க்கும் நேரடியாக என்ன விகிதம் என்று பாருங்கள்.

இரண்டாம் படி: காகிதத்தில் எவ்வளவு கூடியிருக்கிறது

கொத்தனாரின் 1,200 திர்ஹாம் ஜனவரியின் சந்தை விகிதத்தில் 24,348 ரூபாய். அக்டோபரில் 27,120. கூடுதல் 2,772 ரூபாய், சதவீதத்தில் 11.4. அறையில் நாங்கள் ஐந்து பேரும் மகிழ்ந்தது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

இந்த எண் தவறு இல்லை, ஆனால் முழுமையும் இல்லை. இதிலிருந்து மூன்று பேர் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள்: பணம் அனுப்பும் நிறுவனம், ஊரின் விலைவாசி, வேலை பார்க்கும் இடத்தில் ஏறும் செலவு. கடைசியாகச் சொன்னதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அந்த ஒன்பது மாதத்தில் படுக்கை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்து 100 திர்ஹாம் கூடினால், அனுப்ப மிஞ்சுவது 1,100 திர்ஹாம். அதை 22.60 ஆல் பெருக்கினால் 24,860 ரூபாய். 2,772 ரூபாய்க் கூடுதல் வெறும் 512 ஆகிவிடுகிறது. சம்பளம் ஏறாமல் வாடகை மட்டும் ஏறினால், விகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தாங்காது. நல்ல வேளையாக, கொத்தனாருக்கு அந்த ஆண்டு வாடகை ஏறவில்லை. மற்ற இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

மூன்றாம் படி: கவுண்டரில் எவ்வளவு கழிகிறது

சந்தை விகிதத்தில் யாரும் உங்களுக்குப் பணம் மாற்றித் தரமாட்டார்கள். நிறுவனம் இரண்டு வழியில் சம்பாதிக்கிறது. ஒன்று, ரசீதில் வெளிப்படையாக இருக்கும் கட்டணமும் அதன்மேல் ஐந்து சதவீத வாட் வரியும். இன்னொன்று, சந்தை விகிதத்துக்கும் அவர்கள் தரும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளி. இந்த இரண்டாவது எந்த ரசீதிலும் தனி வரியாக வராது. முதல் படியில் சொன்ன வகுத்தல் கணக்குத் தெரிந்தவருக்கு மட்டுமே அது கண்ணில் படும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். சந்தை விகிதம் 22.60. முதல் நிறுவனம் 22.45 தருகிறது, கட்டணம் 20 திர்ஹாம், வாட் சேர்த்து 21. இரண்டாவது நிறுவனம் 'கட்டணமே இல்லை' என்று சொல்லி 22.25 தருகிறது. எது நல்லது?

கையில் இருப்பது 1,200 திர்ஹாம். முதல் இடத்தில் 21 திர்ஹாம் கழித்து 1,179 ஐ 22.45 ஆல் பெருக்கினால் 26,468 ரூபாய். இரண்டாவது இடத்தில் 1,200 ஐ 22.25 ஆல் பெருக்கினால் 26,700 ரூபாய். இலவசம் என்று சொன்னவரும் சும்மா செய்யவில்லை, விகிதத்தில் 420 ரூபாய் எடுத்துக்கொண்டார். ஆனாலும் இந்தத் தொகைக்கு அவரிடம் அனுப்புவதுதான் 231 ரூபாய் லாபம். அதே நாளில் 5,000 திர்ஹாம் அனுப்புகிறவருக்கு நிலைமை தலைகீழ். முதல் இடத்தில் 1,11,778 ரூபாய், இரண்டாவது இடத்தில் 1,11,250. கட்டணம் வாங்கும் இடம்தான் 528 ரூபாய் மேல். இந்த எண்களில் இரண்டும் சமமாகும் இடம் சுமார் 2,360 திர்ஹாம்.

இதனால்தான் 'எங்கே விகிதம் நன்றாக இருக்கிறது' என்று அடுத்த படுக்கைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் அனுப்பும் தொகை வேறு. கவுண்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த 1,200 திர்ஹாமை முழுக்க உங்களிடம் கொடுத்தால், ஊரில் பாஸ்புக்கில் எத்தனை ரூபாய் விழும்?" இரண்டு மூன்று இடத்தில் இதைக் கேட்டு, வரும் ரூபாயை மட்டும் ஒப்பிடுங்கள். கட்டணம், விகிதம், சலுகை எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும்.

நாணயத்தை மாற்றுவது யார் என்பதும் முக்கியம். வளைகுடா நிறுவனங்கள் இந்திய வங்கிகளுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின் வழியே அனுப்பும்போது திர்ஹாம் அங்கேயே ரூபாயாக மாறிவிடுகிறது. ரசீதில் ரூபாய்த் தொகை அச்சாகியிருக்கும், பாஸ்புக்கிலும் பெரும்பாலும் அதே தொகைதான் விழும். டாலராகவே வங்கிக்கு வங்கி அனுப்பினால், இடையிலுள்ள வங்கி தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். ஊர் வங்கி தன் வாங்கும் விகிதத்தில் அதை ரூபாயாக்கி, மாற்றியதற்கான ஜிஎஸ்டியையும் கழிக்கும். சிறிய தொகைக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. ரசீதில் ரூபாய்த் தொகை இருந்தும் பாஸ்புக்கில் அதைவிடக் குறைவாக விழுந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். ரசீது எண்ணைச் சொல்லி இரண்டு பக்கமும் கேளுங்கள். என் நண்பர் ஒருவருக்கு மாதாமாதம் இப்படிக் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வருடம் கழித்துத்தான் அவர் மனைவி ரசீதையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

சனி, ஞாயிறு அன்று இந்திய அந்நியச் செலாவணிச் சந்தை நடப்பதில்லை. திங்கட்கிழமை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாததால் அந்த நாட்களில் விகிதத்தைச் சற்றுக் குறைத்துத் தருவது உண்டு. விடுமுறை நாளில்தான் போக முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், முடிந்தால் வார நாளில் கைப்பேசிச் செயலி வழியே அனுப்புவது நல்லது.

நான்காம் படி: ஊரின் விலைவாசியால் வகுத்துப் பாருங்கள்

ரூபாய் ஏன் விழுகிறது என்று பார்த்தால், விலைவாசி ஏன் கூடவே வருகிறது என்பதும் புரியும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது, கச்சா எண்ணெய் விலை ஏறியது. இந்தியா தன் எண்ணெயில் பெரும்பகுதியை டாலர் கொடுத்துத்தான் வாங்குகிறது, ஆகவே டாலர் தேவை கூடியது. மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது, முதலீட்டாளர்களின் டாலர் இங்கிருந்து அங்கே போனது. இரண்டும் சேர்ந்து ரூபாயை இறக்கின. ரூபாய் இறங்கியதால் வெளியிலிருந்து வரும் எண்ணெய், சமையல் எண்ணெய், உரம், மின்னணுப் பொருட்கள் எல்லாம் மேலும் விலை ஏறின. உங்கள் பணத்தைக் கூட்டிக் கொடுத்த அதே காரணம்தான் உங்கள் வீட்டு மளிகைப் பட்டியலையும் ஏற்றிவிட்டது.

2022 ஜனவரிக்கும் அக்டோபருக்கும் இடையே இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீடு ஆறரை சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறியது. 6.6 என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரின் 27,120 ரூபாயை 1.066 ஆல் வகுத்தால் 25,441. அதாவது அந்தப் பணத்துக்கு ஜனவரி விலையில் இருந்த வாங்கும் சக்தி இவ்வளவுதான். ஜனவரியின் 24,348 ஐக் கழித்தால் உண்மையான கூடுதல் சுமார் 1,100 ரூபாய். காகிதத்தில் 11.4 சதவீதம், வீட்டுக்குள் வரும்போது நாலரை சதவீதம்.

அரசின் குறியீடு நாடு முழுவதற்குமான சராசரி. உங்கள் வீட்டுக்கு உங்கள் பட்டியல்தான் சரியான அளவுகோல். கொத்தனாரின் மனைவி செய்ததைச் சொல்கிறேன். அரிசி மூட்டை, கடலை எண்ணெய், எரிவாயு சிலிண்டர், பருப்பு, பள்ளி வேன், அம்மாவின் மாத்திரை என்று ஆறு பொருளை மட்டும் ஒரு நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிவைத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே அளவுக்கு என்ன விலை என்று குறித்தார். எழுத ஐந்து நிமிடம் போதும். அந்த ஆறின் மொத்தம் எத்தனை சதவீதம் ஏறியது என்பதே நீங்கள் வகுக்க வேண்டிய எண்.

விலைவாசி எவ்வளவு தூரம் இதை விழுங்கும் என்பதற்கு அந்த ஆண்டின் இலங்கையைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு இல்லை. 2021 செப்டம்பரில் அங்கே ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். ஓராண்டு கழித்து சுமார் 360. வளைகுடாவில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை பார்த்து மாதம் 200 டாலர் அனுப்பிய ஒரு தாயின் வீட்டுக்கு 40,000 ரூபாய் வந்த இடத்தில் 72,000 வந்தது. 80 சதவீதம் கூடுதல். ஆனால் 2022 செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது, உணவு விலை மட்டும் 95 சதவீதத்தை ஒட்டி ஏறியிருந்தது. 72,000 ஐ 1.95 ஆல் வகுத்தால் 36,900. வரும் பணத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகும் வீடு, கையில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகப் பணம் வந்தும் முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டது. பிறகு 2023 நடுவில் டாலர் 300 அளவுக்கு இறங்கியது, 72,000 வந்த இடத்தில் 60,000 ஆனது. ஆனால் கடை விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அந்தப் பெண்கள் விகிதம் ஏறியபோதும் இழந்தார்கள், இறங்கியபோதும் இழந்தார்கள்.

அதே இலங்கையில் இன்னொன்றும் நடந்தது. 2021 இறுதியில் வங்கி விகிதம் 200ஐ ஒட்டிக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தரும் உண்டியல்காரர்கள் அதைவிடப் பல ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள். மக்கள் அந்தப் பக்கம் போனார்கள். வங்கி வழியே 2020 இல் சுமார் 710 கோடி டாலர் வந்தது, 2022 இல் சுமார் 380 கோடியாகக் குறைந்தது. எரிபொருளும் மருந்தும் இறக்குமதி செய்ய நாட்டுக்கு டாலர் இல்லாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு. உண்டியலில் அனுப்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன், கட்டிவைத்த விகிதம் அவர்களிடமிருந்து பணத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. இந்திய ரூபாய்க்கு அப்படி ஒரு பெரிய இடைவெளி இல்லை. ஆகவே சில நூறு ரூபாய்க்காக உண்டியலில் அனுப்புவது, நிலம் வாங்கும்போதும் வங்கிக் கடன் கேட்கும்போதும் காட்ட வேண்டிய ஆதாரத்தை நீங்களே அழித்துக்கொள்வதாகும். பணம் வராமல் போனால் புகார் கொடுக்கவும் வழியிருக்காது.

ஐந்தாம் படி: பணம் எதற்குப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள்

விகிதம் ஏறுவது எல்லாச் செலவுக்கும் ஒரே மாதிரி உதவாது.

ரூபாய்க் கடன் இருந்தால் அதற்குத்தான் முழுப் பயன். 1,80,000 ரூபாய்க் கடன் விகிதம் மாறினாலும் 1,80,000தான். ஜனவரி விகிதத்தில் அதை அடைக்க 8,871 திர்ஹாம் தேவை. அக்டோபரில் 7,965 போதும். கொத்தனாருக்கு 900 திர்ஹாம் மிச்சம், அதாவது அவர் ஊருக்கு அனுப்பும் தொகையில் முக்கால் மாதத்துக்கு உரியது. விலைவாசி இதில் கை வைக்க முடியாது.

தங்கத்துக்கு விகிதத்தால் எந்தப் பயனும் இல்லை. இதைச் சொன்னால் ஊரில் பலர் நம்பமாட்டார்கள், ஆகவே கணக்காகவே காட்டுகிறேன். உலகச் சந்தையில் ஒரு கிராம் 60 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 74.50 ஆக இருக்கும்போது ஒரு கிராம் 4,470 ரூபாய். 24,348 ரூபாய்க்கு 5.45 கிராம் கிடைக்கும். டாலர் 83 ஆனதும் கிராம் 4,980 ரூபாய். 27,120 ரூபாய்க்கும் அதே 5.45 கிராம்தான். தங்கம் டாலரில் விலை பேசப்படும் பொருள், உங்கள் சம்பளமும் டாலருடன் கட்டப்பட்டது. நடுவில் ரூபாய் எப்படி ஆடினாலும் எடை மாறாது. உலக விலையோ இந்திய அரசின் இறக்குமதி வரியோ மாறும்போதுதான் அது மாறும். 2022 ஜூலையில் இறக்குமதி வரியை ஏற்றினார்கள், 2024 ஜூலையில் குறைத்தார்கள். மகளின் திருமணத்துக்கு நகை சேர்ப்பவர்கள் விகிதம் ஏறட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

கொத்தனார் கூலி, செங்கல், பள்ளிக் கட்டணம் போன்றவை நடுவில் நிற்கும். உடனே ஏறாது, ஆறு மாதம் ஒரு வருடம் கழித்து ஏறும். வீடு கட்டும் எண்ணம் இருந்தால், விகிதம் ஏறிய முதல் மாதங்களில் வேலையை முடிப்பது லாபம்.

ஊரில் என்ஆர்இ கணக்கில் சேர்த்துவைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அங்கே போட்ட கணமே அது ரூபாயாகிவிட்டது. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, திரும்ப எடுத்துச் செல்லவும் முடியும். ஆனால் பிறகு ரூபாய் விழுந்தால் அந்த இழப்பு உங்களுடையது. அந்தப் பணம் பின்னாளில் வெளிநாட்டிலேயே தேவைப்படும் என்றால், டாலராகவே வைத்திருக்கும் எஃப்சிஎன்ஆர் வைப்பு இருக்கிறது. அது ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை. செலவு ஊரில்தான் என்றால் ரூபாய்க் கணக்கே போதும்.

ஆறாம் படி: காத்திருக்கலாமா?

அறைகளில் மிக அதிகமாகப் பேசப்படுவது இதுதான். மிக அதிகமாகத் தவறு நடப்பதும் இதில்தான், நானும் செய்திருக்கிறேன். 2013 மே மாதம் டாலர் 55 ரூபாய்க்கு அருகில் இருந்தது. ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாய் 80 காசைத் தொட்டது. ஒரு திர்ஹாம் 18 ரூபாய் 50 காசுக்கு மேல். இன்னும் ஏறும், 20 வரட்டும் என்று இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் பிடித்துவைத்தேன். அக்டோபரில் திர்ஹாம் 17 ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட அப்பா அந்த இரண்டு மாதமும் வெளியே கைமாற்று வாங்கியிருந்தார். அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை, அம்மாதான் பிறகு சொன்னார்.

எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் காத்திருப்பதற்கு என்ன செலவாகும் என்பதைத் துல்லியமாகக் கணக்கிட முடியும். கொத்தனார் போட்ட கணக்கு இது. ஜனவரியில் 1,200 திர்ஹாமை அனுப்பி 24,348 ரூபாயை அசலில் கட்டியிருந்தால், இரண்டு வட்டியில் ஒன்பது மாதத்துக்கு 18 சதவீதம், அதாவது 4,383 ரூபாய் வட்டி மிச்சம். அனுப்பாமல் அக்டோபர் வரை பெட்டியில் வைத்திருந்தால் விகிதத்தில் கூடியது 2,772 ரூபாய். ரூபாய் அவ்வளவு வேகமாக விழுந்த ஆண்டிலேயே, அதுவும் உச்சத்தைச் சரியாகப் பிடித்திருந்தாலும், காத்திருந்தவருக்கு 1,611 ரூபாய் நஷ்டம்.

உங்களுக்கான கணக்கு எளிது. இன்றைய விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக 21 ரூபாய். மூன்று மாதம் காத்திருக்க நினைக்கிறீர்கள், கடன் இரண்டு வட்டி. மூன்று மாதத்துக்கு ஆறு சதவீதம். 21 ஐ 1.06 ஆல் பெருக்கினால் 22.26. மூன்று மாதத்தில் விகிதம் 22.26ஐத் தாண்டினால்தான் காத்திருந்தது லாபம். அந்த எண்ணைப் பார்த்ததும் பெரும்பாலும் முடிவு தானே வந்துவிடும்.

வங்கியில் ஒன்பது சதவீதத்துக்கு நகைக்கடன் மட்டும் உள்ளவருக்கு 2022 இல் காத்திருந்தது லாபமாக இருந்திருக்கும். ஒன்பது மாத வட்டி 1,643 ரூபாய்தான். ஆனால் அதே ஆள் 2023 இலும் அதையே செய்திருந்தால்? அந்த ஆண்டு டாலர் 82.70 இல் தொடங்கி 83.20 இல் முடிந்தது. வருடம் முழுக்கக் காத்திருந்ததற்கு ஒரு சதவீதம்கூடக் கிடைத்திருக்காது, வட்டி மட்டும் ஒன்பது சதவீதம் ஓடியிருக்கும். கடனே இல்லாதவர், அவசரத் தேவையும் இல்லாதவர் மட்டுமே காத்திருக்கும் உரிமை பெற்றவர். அவருக்கும் நான் சொல்வது, பாதியை அனுப்பிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். விகிதம் ஏறிவிட்டது என்று அங்கே வங்கியில் கடன் வாங்கி ஊருக்கு அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். விகிதம் திரும்பலாம், தவணை திரும்பாது. வேலை போனால் தவணையும் ஆளும் அங்கேயே சிக்கிக்கொள்ள நேரும்.

ஏழாம் படி: வீட்டுத் தொகையை ரூபாயில் நிலைநிறுத்துங்கள்

மாதாமாதம் 1,200 திர்ஹாம் அனுப்புகிறேன் என்று நீங்கள் சொல்லும்போது, வீட்டுக்கு வருவது ஒரு மாதம் ஒரு மாதிரி, மறுமாதம் வேறு மாதிரி. கூடும் மாதத்தில் செலவும் சேர்ந்து கூடிவிடும், குறையும் மாதத்தில் அந்தச் செலவு குறையாது. இதற்குப் பதிலாக, வீட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். விகிதத்தின் ஏற்ற இறக்கத்தை வெளிநாட்டில் இருப்பவர் தன் பக்கம் ஏற்றுக்கொள்வது எளிது, ஏனென்றால் விகிதத்தைத் தினமும் பார்ப்பவர் அவர்தான்.

கொத்தனார் வீட்டில் 2022 ஜனவரியில் கைக்கு வந்தது ஏறத்தாழ 24,000 ரூபாய். வட்டி உட்பட வீட்டுச் செலவுக்கு அதையே நிலையான தொகையாக வைத்தார்கள். அக்டோபரில் அவர் மனைவி நாட்காட்டியைத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். அவர்களுடைய ஆறு பொருளின் கணக்கும் அரசின் குறியீட்டை ஒட்டியே இருந்தது, ஆகவே வீட்டுத் தொகையை 25,600 ஆக உயர்த்தினார்கள். கட்டணம் இல்லாத நிறுவனத்தின் வழியே அந்த மாதம் விழுந்தது 26,700. வித்தியாசம் 1,100 ரூபாய். நான்காம் படியில் வந்த அதே எண்தான். அது வீட்டுச் செலவில் கலக்கவில்லை. அன்று மாலையே அவர் மனைவி அதை வட்டிக்காரரிடம் கொடுத்து, நோட்டில் வட்டிக் கணக்கில் இல்லாமல் அசல் கணக்கில் வரவு எழுதவைத்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினார். அடுத்த மாதத்திலிருந்து வட்டி 22 ரூபாய் குறைந்தது.